மேட்ச் ஆன பிறகு எந்த எழுத்தில் பேசுவது?

வரன் பார்க்கும் ஆப்போ டேட்டிங் ஆப்போ, எதுவானாலும் மேட்ச் ஆனதும் ஒரு காலிப் பெட்டி திறக்கும். என்ன பேசுவது என்று யோசனை சொல்ல நண்பர்கள் வரிசையில் நிற்பார்கள். எப்படி எழுதுவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. தமிழ் எழுத்திலா, "saptingala" என்று தங்கிலீஷிலா, முழுக்க ஆங்கிலத்திலா? திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நம் பேச்சில் மரியாதை காட்டும் இடமே வெளியூர்க்காரர் கண்ணுக்கு மரியாதைக் குறைவாகத் தெரியலாம். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அடிப்படை.

தமிழ், தங்கிலீஷ், ஆங்கிலம் என்று மூன்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பார்ப்பதில்தான் பலருக்குக் குழப்பம் தொடங்குகிறது. உண்மையில் இங்கே இரண்டு தனிக் கேள்விகள் இருக்கின்றன. எந்த மொழி என்பது ஒன்று, எந்த எழுத்து என்பது இன்னொன்று. தங்கிலீஷ் மொழியால் தமிழ், எழுத்தால் ஆங்கிலம். ஆங்கிலத்தில் எழுதினால் மொழியும் மாறுகிறது, எழுத்தும் மாறுகிறது. அதனால் ஒருவர் "எனக்குத் தமிழ் வராது" என்று சொன்னால் எது வராது என்று பார்க்க வேண்டும். வீட்டில் அசல் நெல்லைத் தமிழ் பேசிக்கொண்டு, ஒரு பெயர்ப் பலகையைக்கூட வாசிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். பிழைப்புக்காக மும்பைக்குப் போன நம் பக்கத்துக் குடும்பங்களில் இதை நிறையப் பார்க்கலாம். அவர்களுக்கு மொழி தெரியும், எழுத்து தெரியாது. தமிழ் எழுத்து வாசிப்பார், ஆனால் கூட்டி வாசிக்க நேரமாகும் என்பவர்களும் உண்டு. பாளையங்கோட்டையில் ஆங்கில வழியில் படித்து, இரண்டாம் மொழியாக இந்தியோ பிரெஞ்சோ எடுத்தவர்கள் பலர் இந்த ரகம்.

தங்கிலீஷை ஏதோ நேற்று முளைத்த கெட்ட பழக்கம் என்று சிலர் திட்டுவார்கள். 1554இல் லிஸ்பன் நகரில் அச்சான ஒரு கிறித்தவ மறைநூலிலேயே தமிழ் ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. அதை விடுங்கள், நம் தலைமுறைக்கு இந்தப் பழக்கம் வந்தது குறுஞ்செய்தியால். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 இடம் இருந்தது. தமிழ் எழுத்தை நுழைத்தால் அது 70 இடமாகச் சுருங்கிவிடும். அதிலும் "சா" என்பது நமக்கு ஒரு எழுத்து, போனுக்கு இரண்டு இடம். "சாப்பிட்டீங்களா" என்பதில் நாம் எண்ணினால் எட்டு எழுத்து, போன் எண்ணினால் 15. அந்தச் சொல்லை நாலு தடவை எழுதினால் செய்தி நிரம்பிவிடும். "saptingala" என்றால் 14 தடவை எழுதலாம். காசு கொடுத்து எஸ்எம்எஸ் அனுப்பிய காலத்தில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? போதாததற்குப் பல பழைய போன்களில் தமிழ் வெறும் கட்டங்களாகத்தான் தெரிந்தது. இப்போது அந்தத் தடைகள் எதுவும் இல்லை. பழகிய விரல் மட்டும் மாறவில்லை.

சரி, பழகியது நல்லதுதானே, அப்படியே எழுதினால் என்ன? அன்றாடப் பேச்சுக்கு ஒன்றும் ஆகாது. "enna panringa", "office la irunthu vanthacha" என்பதையெல்லாம் யாரும் தப்பாகப் படிக்க மாட்டார்கள். சிக்கல் வருவது குறில் நெடில் ஒளிந்துகொள்ளும் இடத்தில். கல்யாணப் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு வரியைப் பாருங்கள்.

"Amma kitta poi solren."

அம்மாகிட்ட போய் சொல்றேன் என்றும் படிக்கலாம். அம்மாகிட்ட பொய் சொல்றேன் என்றும் படிக்கலாம். எழுதியவருக்கு முதல் பொருள் மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவர் மனதில் அந்தக் குரலோடுதான் வாக்கியம் ஓடுகிறது. படிப்பவருக்குக் குரல் கேட்காது. நெருங்கிப் பழகியவர் என்றால் சிரித்துவிட்டுப் போவார். அறிமுகமாகி மூன்றாம் நாளில் இருக்கும் ஒருவர், "இவங்க வீட்ல நம்மளப் பத்திச் சொல்லவே இல்ல போல" என்று நினைத்துக்கொள்வார். கேட்கவும் மாட்டார். அடுத்த நாள் பதில் சுருங்கிப் போகும், காரணம் உங்களுக்குப் புரியாது. "manam" என்பது மனமா, மணமா, மானமா? "vali" என்பது வலியா, வழியா? "varan" என்று எழுதியவர் வரன் என்கிறாரா, தம்பி வர்றான் என்கிறாரா? பெரும்பாலும் சுற்றியிருக்கும் சொற்கள் காப்பாற்றிவிடும். காப்பாற்றாத இடங்களில் கவனம் வேண்டும்.

இதற்கு ஒரு சின்ன வைத்தியம் உண்டு. நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டிக்கலாம்: "naalaiku", "paakalaam". ழகரத்துக்கு "zh" போடலாம். "போய்" என்பதை நாம் ஊரில் சொல்கிற மாதிரியே "poyi" என்று எழுதிவிட்டால் பொய்யோடு குழம்பாது. எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் செய்தால் படிக்கவே அலுப்பாகிவிடும். பொருள் மாறக்கூடிய சொல்லுக்கு மட்டும் செய்தால் போதும்.

இன்னொரு ஆபத்து போனிலிருந்தே வருகிறது. ஆங்கில விசைப்பலகையில் Auto-correction ஓடிக்கொண்டிருந்தால், நீங்கள் எழுதும் தங்கிலீஷ் எல்லாம் அதற்கு எழுத்துப்பிழைதான். திருத்தப் பார்க்கும். "enna" என்று தட்டியது "Anna" என்று போய்ச் சேர்ந்தால் அந்த உரையாடலின் கதி என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. தங்கிலீஷில் எழுதுவதாக இருந்தால் அதை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனித் தமிழ் எழுத்து. குறில் நெடில் குழப்பம் இதில் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு குணம் உண்டு. தமிழ் எழுத்தில் விரல் வைத்ததும் பலருக்குப் பள்ளிக்கூடத்துக் கட்டுரை நினைவுக்கு வந்துவிடுகிறது. நேரில் "என்ன செய்யுதிய?" என்று கேட்கிற ஆள், "தாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று எழுதுகிறார். எதிர்ப்பக்கம் இருப்பவருக்குத் தாலுகா ஆபீஸிலிருந்து தபால் வந்த மாதிரி இருக்கும். எழுத்து தமிழாக இருந்தாலும் நடை பேச்சாக இருக்கலாம். "இப்பதான் ஆபீஸ் முடிஞ்சு வந்தேன், நீங்க சாப்பிட்டாச்சா?" என்று எழுதினால் தங்கிலீஷின் இலகுவும் இருக்கும், படிக்கவும் தெளிவாக இருக்கும். தமிழ் எழுத்து விறைப்பானது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் எழுத்தைச் சொல்லவில்லை, நடையைத்தான் சொல்கிறார்கள்.

முதல் நாளிலிருந்தே சுத்தமான எழுத்துத் தமிழில், சந்திப்பிழைகூட இல்லாமல், ஊர்ப்பேச்சு ஒரு சொல்கூட எட்டிப்பார்க்காமல் எழுதும் கணக்குகளும் உண்டு. கூச்ச சுபாவம் காரணமாக இருக்கலாம், தமிழாசிரியராக இருக்கலாம், வேறு மொழியில் எழுதி மொழிபெயர்த்து ஒட்டுபவராகவும் இருக்கலாம். எழுத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது. அம்பையிலிருந்து எழுதுகிறேன் என்று சொல்பவர் ஒரு நிமிட வாய்ஸ் நோட்டுக்கும் மறுத்துக்கொண்டே இருந்தால், பணப் பேச்சு வருவதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆங்கிலத்துக்கு வருவோம். அதன் பெரிய வசதி "you" என்ற ஒரே சொல். நீயா நீங்களா என்று முடிவு செய்யாமலே ஒரு மாதம் பேசிவிடலாம். பெரிய குறையும் அதுதான். தமிழில் "நீங்க" என்பதிலிருந்து "நீ" என்பதற்கு மாறும் நாள் ஒன்று வரும். இருவருக்கும் அது தெரியும், சில சமயம் அதைக் கேட்டு அனுமதி வாங்கியும் மாறுவார்கள். ஆங்கிலத்தில் அந்தப் படியே கிடையாது. ஒரு மாதம் ஆங்கிலத்தில் தாராளமாகப் பேசியவர்கள் முதல் தடவை போனில் பேசும்போது, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வினைச்சொல்லை எல்லாம் பாதியில் விழுங்கித் திணறுவார்கள். ஆங்கிலத்தில் தொடங்குவதில் தவறில்லை. முதல் போன் பேச்சுக்கு முன்னால் சில நாளாவது தமிழுக்கு வந்துவிடுங்கள்.

ஊர்ப்பேச்சைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். "எப்ப வாரிய?" என்பது நமக்கு மரியாதைப் பேச்சு. நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று பொருள். இதையே "eppo variya" என்று ஆங்கில எழுத்தில் எழுதி, சென்னையில் வளர்ந்த ஒருவருக்கு அனுப்புங்கள். அவர் காதில் "வர்றியா" என்று விழும். அது நீ போட்டுக் கேட்கும் கேள்வி. நீங்கள் மரியாதையாகக் கேட்டீர்கள், அவருக்கு எடுத்த எடுப்பில் உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். "enna seyyuthiya" என்பதும் இப்படித்தான். தமிழ் எழுத்தில் எழுதினால் "வாரிய" என்பதற்கும் "வர்றியா" என்பதற்கும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். என்றாலும் நம் பேச்சு தெரியாதவர் அப்போதும் ஒரு கணம் தயங்குவார். வெளியூர் மேட்ச் என்றால் தொடக்கத்தில் "நீங்க எப்ப வர்றீங்க" என்ற பொதுப்பேச்சுக்குப் போய்விடுவதே நல்லது. தென்காசி, தூத்துக்குடி ஆளாக இருந்தால் இந்தக் கவலை இல்லை. ஊர்ப்பேச்சு எழுதியதும் அவரே "எந்த ஊர்" என்று கேட்டுவிடுவார், பாதி அறிமுகம் அதிலேயே முடியும்.

"லே", "ஏட்டி" இரண்டையும் எந்த எழுத்திலும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நேரில் அவை செல்லமா வசவா என்பதை முகம் சொல்லும். திரையில் முகம் இல்லை.

இப்போது ஒரு உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். பையன் பாளையங்கோட்டை, வங்கி வேலை, தமிழ் வழியில் படித்தவன். பெண்ணின் பூர்வீகம் சுரண்டைப் பக்கம், பிறந்து வளர்ந்தது மும்பை. அவள் சுயவிவரம் முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது, தாய்மொழி என்ற இடத்தில் மட்டும் தமிழ். பையன் சந்தோஷத்தில் தமிழ் எழுத்தில் எட்டு வரி அனுப்புகிறான். குடும்பம், வேலை, குற்றாலம் சீசன் எல்லாம் அதில் இருக்கிறது. பதில் மறுநாள் வருகிறது: "Nice to know. Hope you are doing good." எட்டு வரியில் ஒன்றைக்கூட அது தொடவில்லை. பையன் அதை ஆர்வமின்மை என்று எடுத்துக்கொண்டால் கதை அங்கேயே முடிந்தது.

உண்மையில் என்ன நடந்திருக்கலாம்? அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒன்று, மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் பார்த்திருப்பாள், அதில் குற்றாலம் சீசன் என்னவாக மாறியதோ. இல்லாவிட்டால் அம்மாவிடம் போனைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருப்பாள். இரண்டாவது நடந்தால் பையனுக்குத் தெரியாமலே அந்தப் பேச்சில் மூன்றாவது ஆள் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். எழுத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலர் யோசிக்காத இடம் இது. இருவருக்குள் இருக்க வேண்டிய வரி யார் கண்ணுக்கெல்லாம் போகும் என்பதை எழுத்தும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. தலைகீழாகவும் நடக்கும். தமிழ் மட்டும் வாசிக்கிற அப்பா இருக்கும் வீட்டில் தங்கிலீஷே ஒரு கதவாகிவிடுகிறது. அதற்காகவே தங்கிலீஷில் எழுதுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தான்.

பையன் செய்ய வேண்டியது எளிது. பதில் தாமதமாக வந்தது, வேறு எழுத்தில் வந்தது, எழுதிய எதையும் தொடாமல் வந்தது. மூன்றும் சேர்ந்தால் வாசிப்புச் சிக்கல் என்று சந்தேகப்படலாம். நேராகக் கேட்டுவிடலாம்: "Tamil ezhuthu vaasikka varuma? Illa ippadi ezhuthatuma?" இதில் அவமானப்படுத்தும் தொனி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "தமிழ்ப் பொண்ணா இருந்துட்டுத் தமிழ் தெரியாதா" என்று மட்டும் ஆரம்பித்துவிடக் கூடாது. அந்த வரியைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருக்கும். அவள் "pesuven, vaasikka varathu" என்று சொன்னால் வழி தெளிவு. அன்றாடப் பேச்சு தங்கிலீஷில் ஓடட்டும். நீளமாகச் சொல்ல வேண்டியதை வாய்ஸ் நோட்டாக அனுப்பலாம். அவள் காதுக்கு நெல்லைத் தமிழ் அந்நியம் இல்லை, கண்ணுக்குத்தான் எழுத்து அந்நியம். "வாரிய" என்று குரலில் கேட்டால் அவளுக்குத் தன் ஆச்சி பேசுவது போலத்தான் இருக்கும், தப்பாக எடுக்க வழியே இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கனமான பேச்சு வருகிறது. கல்யாணத்துக்குப் பிறகு எந்த ஊரில் இருப்பது, வேலையை விட வேண்டியிருக்குமா, வீட்டில் எப்போது சொல்வது. இங்கே தங்கிலீஷை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து. "vendum", "vendam" இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், அவசரத்தில் விரல் தவறினால் சம்மதம் மறுப்பாகிவிடும். "Appa kitta pesala" என்று வந்தால் இன்னும் பேசவில்லை என்று பொருள். "pesalam" என்று எழுத வந்து கடைசி எழுத்து விட்டுப்போயிருந்தால் பேசலாம் என்று பொருள். ஆம், இல்லை, தேதி, ஊர் ஆகியவற்றை மட்டும் இந்த ஜோடி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி உறுதி செய்துகொள்வது நல்லது: "I have not told Appa yet. I will tell him on Sunday." அழகில்லாத வரிதான், ஆனால் இரண்டு விதமாகப் படிக்க முடியாது. இருவரும் தமிழ் வாசிப்பவர்கள் என்றால் அதே வேலையைத் தமிழ் எழுத்து செய்யும்: "அப்பாகிட்ட இன்னும் பேசல. ஞாயித்துக்கிழம பேசிடுதேன்."

தமிழ் எழுத்து எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். "அம்மா சொன்னா சரி" என்பதைப் பாருங்கள். அம்மா சொல்லிவிட்டாளா, சொன்னால் பார்க்கலாம் என்கிறாரா? எந்த எழுத்தில் எழுதினாலும் பேச்சுத்தமிழில் இது இரண்டுமாக நிற்கும். இப்படிப்பட்ட இடத்தில் வாக்கியத்தையே மாற்ற வேண்டும்: "அம்மா சரின்னு சொல்லியாச்சு."

தமிழில் தட்டுவது மெதுவாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி. ஆண்ட்ராய்டு போனில் Gboard இருந்தால் அதன் அமைப்புகளில் Languages, பிறகு Add keyboard, அதில் Tamil (India) என்று போங்கள். வரும் வகைகளில் "abc → தமிழ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் தங்கிலீஷில் தட்டுவதை அது தமிழாக மாற்றிக் கொடுக்கும். மேலே உள்ள பட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் வரும். போய், பொய் என்று தேர்ந்தெடுக்கும் வேலை இங்கே உங்கள் கைக்கு வருகிறது, படிப்பவர் தலையில் விழுவதில்லை. முதலில் நிற்பதைப் பார்க்காமல் தட்டி அனுப்பினால் வலி, வழி குழப்பம் இங்கும் வரும். அதுவும் தமிழ் எழுத்திலேயே வருவதால் படிப்பவர் அதைச் சந்தேகிக்கவும் மாட்டார்.

இரு வீட்டாரும் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கும் கட்டம் வந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. பெரியப்பாவும் அத்தையும் வாசிக்கிற இடத்தில் ஊர், நேரம், மண்டபம் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் போடுங்கள். மும்பைப் பெண்ணுக்கு அதே வரியைத் தனியாகத் தங்கிலீஷில் ஒரு தடவை அனுப்பிவிடுங்கள்.